200 எம்பிபிஎஸ் இருந்தும் கிளவுட் கேம் ஏன் திணறுகிறது?

*வீட்டில் 200 எம்பிபிஎஸ் இணைப்பு. வேகச் சோதனையில் டவுன்லோட் 190, அப்லோட் 20 வருகிறது. யூடியூபில் 4கே வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் கிளவுட் கேமிங்கும், ஆபீஸ் கணினிக்குப் போகும் ரிமோட் டெஸ்க்டாப்பும் சாயங்காலம் ஆனால் திணறுகின்றன. பட்டனை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் திரையில் நடக்கிறது. 500 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகுமா? வேறு எதை மாற்றிப் பார்க்கலாம்?*

இப்போதைக்குப் பிளானை மாற்ற வேண்டாம். 4கே வீடியோ ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் பட்டன் அரை நொடி தாமதமாகிறது என்றால் உங்களிடம் வேகம் குறைவாக இல்லை. இணையத்தில் டேட்டா சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் போகிறது, அவை எங்கோ வரிசையில் காத்துக் கிடக்கின்றன. அந்த வரிசை எங்கே உருவாகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலும் கூடுதல் காசு செலவழிக்காமலே சரிசெய்துவிடலாம்.

யூடியூப் ஒரு வீடியோவை ஓட்டும்போது அடுத்து வரப்போகும் பல நொடிக் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு நொடி இணைப்பே இல்லாமல் போனாலும் கையிருப்பிலிருந்து ஓட்டிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. கிளவுட் கேமில் அப்படிச் சேர்த்து வைக்க எதுவும் இல்லை. நீங்கள் பட்டனை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த பிரேமே உருவாகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பிலும் அதே கதைதான். நீங்கள் தட்டிய 'க' அங்கே போய், அங்கிருக்கும் கணினி அதை வரைந்து, அந்தப் படம் திரும்பி வந்தால்தான் உங்கள் கண்ணுக்கு எழுத்து தெரியும். அதனால் இந்த இரண்டுக்கும், ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வருகிறது என்பதைவிட, ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சீராக வருகிறது என்பதுதான் முக்கியம்.

வேகம் அறவே முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 1080பி தரத்தில், நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் 20 எம்பிபிஎஸ் போதும் என்று வைத்துக்கொள்வோம். அதை 60-ஆல் வகுத்தால் ஒரு பிரேம் சராசரியாக 42 கிலோபைட். அதாவது சுமார் 30 பாக்கெட்டுகள் ஒரே கொத்தாக வருகின்றன. 25 எம்பிபிஎஸ் இணைப்பில் அந்தக் கொத்து வந்து முடிய 13 மில்லி செகண்ட் ஆகும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 3 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். 200-இல் ஒன்றரை, 500-இல் ஒன்றுக்கும் கீழே. 25-இலிருந்து 100-க்குப் போனால் கையில் உணர முடிகிற லாபம் இருக்கிறது. 200-இலிருந்து 500-க்குப் போனால் மிச்சமாவது ஒரே ஒரு மில்லி செகண்ட். உங்கள் பிரச்சினை 500 மில்லி செகண்ட்.

சாதாரண நிலையில் ஒரு பட்டன் அழுத்தம் திரைக்கு வர எவ்வளவு ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லி செகண்ட். சர்வரில் கேம் அந்த அழுத்தத்தைக் கணக்கில் எடுத்து வரைய ஒன்றிரண்டு பிரேம் நேரம் ஆகும். படத்தைச் சுருக்க, உங்கள் பக்கம் விரிக்க, அப்புறம் மானிட்டரின் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க என்று இன்னும் ஓரிரு பிரேம். இதெல்லாம் சேர்ந்தே 50, 60 மில்லி செகண்ட் போய்விடுகிறது. நெட்வொர்க் பங்கு 20 அல்லது 30 ஆக இருந்தால் மொத்தம் 100-க்குள் நிற்கும், பெரும்பாலான கேம்களை நிம்மதியாக ஆடலாம். இந்தச் சின்னக் கணக்கில் நெட்வொர்க் திடீரென்று 200, 300 கூட்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே அனுபவத்தில் தெரியும்.

சராசரியைவிட ஏற்ற இறக்கம்தான் அதிகம் கெடுக்கிறது. போய்வர எப்போதும் 45 மில்லி செகண்ட் ஆகும் இணைப்புக்குக் கை பத்து நிமிடத்தில் பழகிவிடும். 15-க்கும் 90-க்கும் இடையே தாவுகிற இணைப்பின் சராசரி அதைவிடக் குறைவாகவே இருந்தாலும் கைக்குப் பழகாது. மென்பொருளுக்கும் அதேதான். பிரேம்கள் ஒழுங்கில்லாமல் வரும்போது அதற்கு இரண்டே வழி: தாமதமாக வந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அப்போது படம் திக்கும். அல்லது எல்லாப் பிரேமையும் கொஞ்சம் பிடித்து வைத்து ஒழுங்காகக் காட்ட வேண்டும், அப்போது மோசமான பாக்கெட்டின் தாமதம் எல்லாப் பாக்கெட்டுக்கும் வந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறோம். வேகச் சோதனைத் தளம் காட்டும் 190 என்ற எண்ணில் இது தெரியவே தெரியாது.

அந்த அரை நொடி எங்கிருந்து வருகிறது? என் பந்தயம் உங்கள் அப்லோட் பக்கம். மோடமிலும் ரவுட்டரிலும் பாக்கெட்டுகள் காத்திருக்க ஒரு இடம் உண்டு. பாக்கெட்டைத் தொலைக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் தயாரிப்பாளர்கள் அதைத் தாராளமாகவே வைத்துவிடுகிறார்கள். அது 1 மெகாபைட் என்று வையுங்கள். வீட்டில் யாருடைய போனோ போட்டோ பேக்கப் செய்ய ஆரம்பிக்கிறது. அந்த ஏற்றத்தை நடத்தும் டிசிபி என்ற விதிமுறையின் வழக்கமான நடத்தை என்னவென்றால், பாக்கெட் தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் அந்த இடம் முழுக்க நிரம்பும். 1 மெகாபைட் என்பது 8 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் அது வடிய 0.4 நொடி. இப்போது நீங்கள் அழுத்திய பட்டனின் சின்னஞ்சிறு பாக்கெட் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. அது வெளியே போகவே 400 மில்லி செகண்ட். டவுன்லோட் பக்கம் 190 எம்பிபிஎஸ் காலியாகக் கிடந்தும் ஒரு பயனும் இல்லை.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் வல்லுநர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு, விடாமல் எழுதிப் பரவலாகத் தெரிய வைத்தார். 2012-இல் கேத்லின் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்ப்பது அதன் சாரம். காத்திருப்பு 5 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்காமல் 100 மில்லி செகண்ட் நீடித்தால், பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்புகிறவரை மெதுவாக்கச் சொல்கிறது. அதன் வழிவந்தவைதான் எஃப்க்யூ-கோடெல், கேக் எல்லாம். இத்தனை வருடம் கழித்தும் நிறைய வீட்டு ரவுட்டர்களில் இது இல்லை, இருந்தாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, பந்தயத்தை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். விண்டோஸில் இரண்டு கமாண்ட் சன்னல்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரையும் இன்னொன்றில் வெளியே ஒரு முகவரியையும் பிங் செய்யுங்கள். ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று பிங் காட்டும். ரவுட்டரின் முகவரி உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். `ipconfig` காட்டும் Default Gateway-ஐப் போடுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 1.1.1.1
```

முதலில் யாரும் எதுவும் செய்யாதபோது ஒரு நிமிடம் ஓடட்டும். பிறகு ஒரு பெரிய கோப்பை டிரைவில் ஏற்றிக்கொண்டே ஒரு நிமிடம். பிறகு ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பெரிய ஒன்றை இறக்கிக்கொண்டே ஒரு நிமிடம். ரவுட்டர் சன்னல் அசையாமல் இருந்து, வெளி சன்னல் மட்டும் ஏற்றும்போது 10-இலிருந்து 300, 400 என்று ஏறினால் அப்லோட் வரிசைதான் குற்றவாளி. இறக்கும்போது மட்டும் ஏறினால் டவுன்லோட் வரிசை. யாரும் எதுவும் செய்யாதபோதே ரவுட்டர் சன்னல் 3, 4, 85, 3, 140 என்று தாவினால் வைஃபை. வீட்டுக்குள் எல்லாம் அமைதி, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெளி சன்னல் எப்போதும் கூடுதலாகவே நிற்கிறது என்றால் நிறுவனத்தின் பக்கம் நெரிசல்.

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் கிட்டத்தட்ட உங்களுடைய நிலைதான். அவருக்கும் சாயங்காலம்தான் தொந்தரவு. "ராத்திரி ஆனா எல்லாரும் நெட் பாக்கறாங்க, அதான்" என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அளந்தபோது சும்மா இருக்கையில் வெளி பிங் 11. அவர் மனைவி வேலையிலிருந்து வந்து போனை சார்ஜில் போட்ட கொஞ்ச நேரத்தில் 380-க்கு ஏறியது. அந்த போன், சார்ஜும் வைஃபையும் இருந்தால் மட்டுமே அன்றைய போட்டோ, வீடியோவை எல்லாம் ஏற்றும்படி அமைக்கப்பட்டிருந்தது. 2 ஜிபி வீடியோ என்றால் 20 எம்பிபிஎஸ்ஸில் ஏறக்குறைய 13 நிமிடம். அந்த 13 நிமிடமும் வீட்டில் வேறு யாரும் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. சாயங்காலம் என்ற நேரம் வெளியில் நெரிசல் என்பதால் வரவில்லை, வீட்டுக்காரர்கள் வீடு திரும்புவதால் வந்தது. உங்கள் வீட்டிலும் முதலில் இதைப் பாருங்கள்.

நிலையான தீர்வு, வரிசையை நம் கையில் எடுத்துக்கொள்வது. வரிசை மோடமில் உருவானால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நம் ரவுட்டரே இணைப்பின் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக அனுப்பினால், மோடமில் வரிசையே சேராது, ரவுட்டரில்தான் சேரும். அங்கே கேக் இருந்தால் அது ஒவ்வொரு தொடர்பையும் தனித்தனி வரிசையாக்கி மாற்றி மாற்றி அனுப்பும். வங்கி கவுண்டரில் நாற்பது சலானோடு நிற்பவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரே சலானோடு வந்தவரை உடனே முடித்து அனுப்பிவிடுவது போல. போட்டோ பேக்கப்பும் நிற்காது, பட்டன் பாக்கெட்டும் காத்திருக்காது.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருள் ஓடும் ரவுட்டராக இருந்தால் `luci-app-sqm` தொகுப்பை நிறுவினால் போதும். உங்கள் எண்களுக்கு `/etc/config/sqm` இப்படி இருக்கும்:

```
config queue 'wan'
    option enabled '1'
    option interface 'pppoe-wan'
    option download '165000'
    option upload '18000'
    option qdisc 'cake'
    option script 'piece_of_cake.qos'
```

எண்கள் கிலோபிட்டில் இருக்கின்றன. அப்லோடுக்கு அளந்த வேகத்தில் 90 சதவீதம் வைத்திருக்கிறேன். டவுன்லோடுக்கு 85-க்கும் 90-க்கும் இடையில். டவுன்லோடில் கொஞ்சம் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த வரிசை நிறுவனத்தின் கருவியில் உருவாகிறது. நம்மிடம் வந்து சேர்ந்த பிறகு பாக்கெட்டைக் கைவிட்டு, அனுப்புகிறவரை மறைமுகமாகத்தான் மெதுவாக்க முடிகிறது. இடைமுகத்தின் பெயர் உங்கள் இணைப்பைப் பொறுத்தது. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைகிற வகை என்றால் `pppoe-wan`, இல்லையென்றால் `wan` அல்லது `eth1` போல ஏதாவது இருக்கும்.

அமைத்த பிறகு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். ஏற்றும்போதும் பிங் சும்மா இருக்கையில் வந்ததைவிட ஐந்து, பத்துக்கு மேல் கூடக்கூடாது. கூடினால் எண்ணை இன்னும் 5 சதவீதம் இறக்குங்கள். நன்றாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பிங் கெட ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். நண்பர் வீட்டில் 18000-இலேயே பேக்கப் ஓடும்போது பிங் 14, 15-இல் நின்றது. வேகச் சோதனையில் எண் குறைந்து தெரியும். அதைப் பார்த்துப் பதறி அணைத்துவிடாதீர்கள்.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். ஒன்று, ரவுட்டரின் சிப்புக்குச் சக்தி போதாமல் போவது. விலை குறைந்த பழைய ரவுட்டர்களில் 165 எம்பிபிஎஸ்ஸைக் கேக் வழியாக விடும்போது சிப் திணறி, வேகம் பாதியாகி, தாமதமும் கூடலாம். அப்படியானால் `download` மதிப்பை `'0'` ஆக்கிவிடுங்கள், அந்தத் திசையில் கட்டுப்பாடு இருக்காது. அப்லோடின் 18-ஐ எந்தச் சிப்பும் தாங்கும், உங்கள் நோயும் அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, ஹார்டுவேர் ஆஃப்லோடு. அது போட்டிருந்தால் பாக்கெட்டுகள் கேக்கைத் தொடாமலே குறுக்கு வழியில் போய்விடும், எந்த எண்ணை மாற்றினாலும் எதுவும் மாறாது. அதை அணைத்து வையுங்கள்.

ரவுட்டரை மாற்ற முடியாதவர்கள், நிறுவனம் கொடுத்த பெட்டியோடுதான் வாழ வேண்டியவர்கள், போட்டோ பேக்கப்பை ராத்திரி நேரத்துக்குத் தள்ளலாம். ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவின் கணினிச் செயலியிலும் ஏற்றும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, ஸ்டீமில் இறக்கும் வேகத்துக்கு இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டில் Delivery Optimization என்ற பகுதியில், நீங்கள் இறக்கிய அப்டேட்டை இணையத்திலுள்ள மற்ற கணினிகளுக்கும் அனுப்ப அனுமதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடப்பட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இவை எல்லாம் ஒட்டுப்போடும் வேலைதான், ஆனாலும் பலன் உண்டு.

அடுத்து வைஃபை. கேபிள் இழுக்க முடியுமானால் இழுத்துவிடுங்கள், கீழே நான் சொல்வது எதுவும் தேவைப்படாது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனலில் இருந்தால் அவர்களும் உங்கள் வரிசையில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் புளூடூத்தும் சேர்ந்துகொள்கிறது. புளூடூத் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு 2.4 வைஃபையில் கேம் ஆடினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். குறைந்தபட்சம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே, அல்லது ஒரே ஒரு சுவர் தள்ளி உட்காருங்கள். கம்பியில்லாமல் சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டர்கள் வேகச் சோதனைக்கு நல்ல எண் காட்டலாம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் ஜிட்டர் கூடும்.

கண்டுபிடிக்கச் சிரமமான ஒன்று இருக்கிறது. ரவுட்டர் பிங் 2, 3 என்று நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, கடிகாரம் வைத்தாற்போல் சீரான இடைவெளியில் ஒரு 100, 200 குதித்தால், அது நெரிசல் கிடையாது. உங்கள் லேப்டாப்பே வேறு வைஃபை இருக்கிறதா என்று மற்ற சேனல்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் பாக்கெட்டுகள் காத்திருக்கும். விண்டோஸில் விளையாடும்போது இதை நிறுத்தலாம்:

```
netsh wlan set autoconfig enabled=no interface="Wi-Fi"
```

முடிந்ததும் `enabled=yes` என்று திருப்பி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை தானாக எந்த வைஃபையிலும் சேராது. மேக்கில் இதே குதிப்புக்குப் பெரும்பாலும் ஏர்டிராப் காரணம். `sudo ifconfig awdl0 down` கொடுத்தால் தற்காலிகமாக அடங்கும். லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபையின் மின் சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். `sudo iw dev wlan0 set power_save off` என்று போட்டுப் பாருங்கள், `wlan0` இருக்கும் இடத்தில் உங்கள் கார்டின் பெயர்.

ரிமோட் டெஸ்க்டாப்புக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெறும் எழுத்து வேலைக்கு அது ஒன்றிரண்டு எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தொடாது. அதனால் அங்கே வேகத்தைப் பற்றி யோசிப்பதே வீண். பார்க்க வேண்டியது, தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்திருக்காத யூடிபியில் அது போகிறதா, டிசிபியில் போகிறதா என்று. டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அதற்குப் பின்னால் வந்த எல்லாம் கையில் இருந்தும், தொலைந்தது மறுபடி வரும் வரை எதையும் திரைக்குக் கொடுக்காது. போய்வர 40 மில்லி செகண்ட் ஆகும் வழியில் ஒவ்வொரு இழப்புக்கும் குறைந்தது அந்த 40 கூடுதலாக விழும், கெட்ட நேரத்தில் இன்னும் அதிகம். மைக்ரோசாப்ட் 2012-இலேயே தன் ரிமோட் டெஸ்க்டாப் விதிமுறையான ஆர்டிபியின் 8.0 பதிப்பில் யூடிபி சேர்த்துவிட்டது. முழுத்திரையில் மேலே வரும் நீலப் பட்டையில் சிக்னல் கம்பி போன்ற படத்தைத் தட்டினால் இணைப்பின் தரத்தோடு UDP is enabled என்று சொல்லும். அந்தச் சொற்கள் இல்லையென்றால் நடுவில் ஏதோ ஃபயர்வால் 3389 போர்ட்டில் யூடிபியை மறிக்கிறது, அல்லது விபிஎன் காரணம். டிசிபியில் ஓடும் விபிஎன்னுக்குள் இன்னொரு டிசிபி என்பது மிக மோசமான கூட்டணி, ஒரே இழப்புக்கு இரண்டு அடுக்கும் தனித்தனியாகத் திரும்ப அனுப்பத் தொடங்கும். ஆபீஸ் ஐடி ஆட்களிடம் யூடிபி முறை ஓபன்விபிஎன்னோ வயர்கார்டோ கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்காக 3389-ஐ நேராக இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம், கடவுச்சொல் தேடி அலையும் நிரல்கள் வந்து தட்ட அதிக நேரம் ஆகாது.

வீட்டுக் கணினியை வெளியிலிருந்து பிடிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அப்போது படத்தை அனுப்புவது உங்கள் வீட்டின் அப்லோட். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 20 எம்பிபிஎஸ் படம் அனுப்பினால் வரிசையை நீங்களே உருவாக்குகிறீர்கள். 10 அல்லது 12-இல் நிறுத்துங்கள்.

அப்புறம் கேம் செயலியின் அமைப்பு. சொந்தக் கணினியிலிருந்து கேமை அனுப்பும் சன்ஷைன், அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே பெரிய வசதி உண்டு. கணினியில் மூன்லைட் ஓடும்போது Ctrl+Alt+Shift+S அழுத்தினால் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று திரையிலேயே பிரித்துக் காட்டும். Frames dropped by your network connection கூடினால் பாக்கெட் தொலைகிறது, பிட்ரேட்டைக் குறையுங்கள். Frames dropped due to network jitter கூடினால் பாக்கெட்டுகள் வருகின்றன, ஆனால் ஒழுங்கில்லாமல், வைஃபையைப் பாருங்கள். Average network latency-க்குப் பக்கத்தில் வரும் variance என்ற எண்தான் இந்தப் பதில் முழுக்க நான் பேசும் விஷயம். Average decoding time மட்டும் 16 மில்லி செகண்டைத் தொட்டால் நெட்வொர்க்கைத் திட்டிப் பயனில்லை. உங்கள் பழைய லேப்டாப் படத்தை விரிக்க முடியாமல் தவிக்கிறது. ஹார்டுவேர் டிகோடிங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அல்லது கோடெக்கை எச்.264-க்கு இறக்குங்கள். மற்ற கிளவுட் சேவைகளிலும் இப்படி ஒரு புள்ளிவிவரத் திரை பெரும்பாலும் இருக்கும், அமைப்புகளில் தேடிப் பாருங்கள்.

பிட்ரேட்டை இருப்பதிலேயே உச்சத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. 80 எம்பிபிஎஸ் வைத்தால் ஒவ்வொரு பிரேமும் நான்கு மடங்கு பெரிய கொத்தாக வருகிறது, வைஃபையில் நான்கு மடங்கு நேரம் காற்றைப் பிடிக்கிறது. 20-இல் படம் சற்று மங்கலாகத் தெரியலாம், ஆனால் சீராக வரும். முதலில் 20-இல் சீராக்கிக்கொண்டு, பிறகு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். டிவியில் ஆடுபவர்கள் டிவியின் கேம் மோடைப் போடுங்கள். அது இல்லாமல் பல டிவிகள் படத்தை அழகுபடுத்தவே 50 மில்லி செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. நெட்வொர்க்கில் பாடுபட்டுச் சேமித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

இவற்றால் மாறாதது தூரம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,900 கிலோமீட்டர், போய்வர 29 மில்லி செகண்ட் இயற்பியலுக்கே கொடுத்தாக வேண்டும், கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். மும்பைக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர்தான். அதனால் சேவையில் சர்வர் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல், ஒவ்வொன்றுக்கும் அது காட்டும் பிங்கைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டிலும் ஒரு அளவுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எந்தக் கணத்தில் எந்த போன் பேசலாம் என்பதை டவர்தான் முடிவு செய்கிறது, அதனால் ஜிட்டர் அதன் கூடவே வரும்.

எல்லாம் செய்தும் வீட்டில் யாரும் எதுவும் செய்யாத நேரத்தில்கூட ராத்திரி மட்டும் வெளி பிங் ஏறுகிறது என்றால்தான் நிறுவனத்திடம் போக வேண்டும். கேபிளில் இணைத்த கணினியிலிருந்து, காலை ஒன்பதுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் எடுத்த `tracert -d 1.1.1.1` முடிவுகளைச் சேர்த்து அனுப்புங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு கருவியையும் அது ஒரு படியாகக் காட்டும். அதில் நடுவில் ஒரே ஒரு படி மட்டும் 200 காட்டி, அதற்கு அடுத்த படிகள் 15-க்குத் திரும்பினால் அதைக் குறை என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கருவி பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு படியில் ஏறிய தாமதம் கடைசிப் படி வரை இறங்காமல் நின்றால், ராத்திரி மட்டும் அப்படி நின்றால், அதுதான் அவர்களால் மறுக்க முடியாத ஆதாரம். "வேகம் வருதே சார்" என்று பதில் வந்தால், வேகத்தைப் பற்றி உங்களுக்குக் குறை இல்லை, இரண்டாவது படியில் ராத்திரி கூடும் 60 மில்லி செகண்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லி, புகாரை அடுத்த நிலைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.